முடிவுரை நோக்கத்துக்குப் பதில் சொல்கிறதா? ஒரு கிணற்று நீர் ஆய்வறிக்கையை வைத்துத் திருத்தும் முறை

தமிழில் ஆய்வறிக்கை எழுதுபவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. சோதனையில் கிடைத்த அளவுகளை ‘முடிவுகள்’ என்கிறோம். அறிக்கையின் கடைசிப் பகுதியை ‘முடிவுரை’ என்கிறோம். பரீட்சை ரிசல்ட்டும் முடிவு, ஒரு விஷயத்தைப் பற்றி நாம் எடுக்கும் தீர்மானமும் முடிவு. ஒரே சொல் இத்தனை வேலை பார்ப்பதால், முடிவுரை எழுத உட்காரும் மாணவர் முடிவுகள் அத்தியாயத்தைத் திறந்து, அட்டவணையில் உள்ள எண்களை வாக்கியமாக்கி, ஒவ்வொன்றின் கடைசியிலும் ‘கண்டறியப்பட்டது’ சேர்த்துவிட்டு எழுந்துவிடுகிறார். பக்கம் நிறைந்துவிடும். முதல் அத்தியாயத்தில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வந்திருக்காது. வைவாவில் முதலில் விழும் அடி இதுதான்: “சரிம்மா, கடைசியில அந்தத் தண்ணியைக் குடிக்கலாமா, கூடாதா?”

அப்படிப்பட்ட ஒரு முடிவுரையைத் திருத்தும் வேலையை இங்கே படிப்படியாகப் பார்ப்போம். அதற்குச் சேலத்துச் சூழலில் ஓர் அறிக்கையை எடுத்துக்கொள்வோம். நகரத்துக்கும் சேர்வராயன் மலைக்கும் நடுவே மேக்னசைட் கிடைக்கும் கரடுகள் இருக்கின்றன. ஆங்கிலேயர்கள் வெள்ளை நிறத்தைப் பார்த்து ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். உண்மையில் அது சாக் இல்லை. சாக் கால்சியம் கார்பனேட்; இங்கே இருப்பது மக்னீசியம் கார்பனேட். உள்ளூரில் வெள்ளைக்கல் என்பார்கள். அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் கடினமாக இருப்பதற்கும் இந்த வேறுபாட்டுக்கும் தொடர்பு உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

கீழே வரும் கிணறுகளும் அவற்றின் அளவுகளும் விளக்கத்துக்காக அமைத்தவை. எந்த ஊரின் உண்மையான அளவும் இல்லை. குடிநீர் வரம்புகள் மட்டும் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 : 2012-இல் உள்ளவை.

திருத்த வேண்டிய அறிக்கை

நோக்கம் இப்படி எழுதப்பட்டிருக்கிறது: “வெள்ளைக்கல் சுரங்கப் பகுதியைச் சுற்றியுள்ள திறந்த கிணறுகளின் நீர் குடிக்கத் தகுந்ததா என்பதையும், சுரங்கத்துக்கு அருகில் இருப்பது நீரின் கடினத்தன்மையைக் கூட்டுகிறதா என்பதையும் அறிதல்.”

12 கிணறுகள் எடுத்திருக்கிறார்கள். ஆறு கிணறுகள் சுரங்கத்திலிருந்து 2 கி.மீ.க்குள், ஆறு கிணறுகள் 5 கி.மீ.க்கு அப்பால். மே மாதம் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை நீர் எடுத்து, பி.எச்., மொத்தக் கரைபொருள், மொத்தக் கடினத்தன்மை, கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றைச் சோதித்திருக்கிறார்கள். அருகிலுள்ள ஆறு கிணறுகளின் (1 முதல் 6 வரை) கடினத்தன்மை மே மாதத்தில் முறையே லிட்டருக்கு 480, 510, 540, 560, 640, 690 மி.கி.; சராசரி 570. டிசம்பரில் சராசரி 460, அதிகபட்சம் 550. தூரத்துக் கிணறுகளின் சராசரி மே மாதத்தில் 300, டிசம்பரில் 240. அவற்றில் மிகக் குறைந்த அளவு 210.

மாணவர் எழுதிய முடிவுரை:

“இவ்வாய்வில் 12 கிணறுகளிலிருந்து நீர் மாதிரிகள் சேகரிக்கப்பட்டுப் பகுப்பாய்வு செய்யப்பட்டன. பி.எச். 7.4 முதல் 8.2 வரை இருந்தது. அருகிலுள்ள கிணறுகளின் சராசரிக் கடினத்தன்மை மே மாதத்தில் 570 மி.கி., டிசம்பரில் 460 மி.கி. என்று கண்டறியப்பட்டது. தூரத்துக் கிணறுகளில் இது முறையே 300, 240 மி.கி. என்று காணப்பட்டது. மழைக்குப் பின் கடினத்தன்மை குறைந்தது. சராசரி அளவுகள் அனுமதிக்கத்தக்க வரம்புக்குள் உள்ளன. சுரங்கத்தால் நிலத்தடி நீர் மாசடைவது தெரியவருகிறது. மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்.”

இதில் தவறான எண் ஒன்றும் இல்லை. ஆனாலும் குறை மூன்று. குடிக்கலாமா என்ற கேள்விக்கு நேரடிப் பதில் இல்லை. பதில் போலத் தோன்றும் ஒரே வரி, ‘சராசரி வரம்புக்குள் உள்ளது’ என்பது, ஆளைத் தவறான பக்கம் அனுப்புகிறது. ‘சுரங்கத்தால் மாசடைகிறது’ என்பது ஆய்வு காட்டாத ஒன்று. அளவுகளை மட்டும் திரும்பச் சொல்லும் முடிவுரை பெரும்பாலும் இப்படித்தான் முடியும். முதலில் எண்களாகவே சொல்லிவிட்டு, ஏதாவது தீர்ப்புச் சொல்ல வேண்டுமே என்ற அவசரத்தில் கடைசி இரண்டு வரியில் கைக்கு வந்ததைச் சொல்லிவிடுவோம்.

முதல் வேலை: நோக்கத்தைக் கேள்வியாக்குங்கள்

முடிவுரைப் பக்கத்தை மூடிவிடுங்கள். ஒரு வெள்ளைத் தாளின் மேல்பகுதியில் நோக்கத்தை அப்படியே, ஒரு சொல்லும் மாற்றாமல், கையால் எழுதுங்கள். பிறகு ‘அறிதல்’, ‘ஆராய்தல்’, ‘மதிப்பிடுதல்’ என்று முடிவதை எல்லாம் வெட்டிவிட்டு, கேள்விக்குறியோடு முடியும் வாக்கியமாக மாற்றுங்கள். நம் அறிக்கையில் இரண்டு கேள்விகள் வரும்:

ஒன்று, இந்தக் கிணறுகளின் நீர் குடிக்கத் தகுந்ததா?
இரண்டு, சுரங்கத்துக்கு அருகில் இருப்பது கடினத்தன்மையைக் கூட்டுகிறதா?

நோக்கத்தையும் குறிக்கோள்களையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ‘12 கிணறுகளில் மாதிரி எடுத்தல்’, ‘கடினத்தன்மையை அளத்தல்’ என்று வரிசையிட்டிருப்பவை குறிக்கோள்கள். அவை செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல். முடிவுரையில் அந்தப் பட்டியலுக்கு ‘செய்தாயிற்று’ என்று டிக் போடுவதால்தான் ‘சேகரிக்கப்பட்டன’, ‘பகுப்பாய்வு செய்யப்பட்டன’ என்ற வரிகள் வருகின்றன. மாதிரி எடுத்ததை மூன்றாம் அத்தியாயத்திலேயே சொல்லியாயிற்று.

சில அறிக்கைகளில் நோக்கமே ‘கிணற்று நீரின் இயற்பியல் வேதியியல் பண்புகள் பற்றிய ஓர் ஆய்வு’ என்று மட்டும் இருக்கும். அதைக் கேள்வியாக்க முடியாது. அப்போது முன்னுரையின் கடைசிப் பத்தியையும், தொடக்கத்தில் துறைக்குக் கொடுத்த சினாப்சிஸையும் பாருங்கள். எதற்காக இந்தக் கிணறுகளைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அங்கே எங்காவது எழுதியிருப்பீர்கள். அந்தக் காரணம்தான் கேள்வி. அதை நோக்கத்தில் தெளிவாக எழுதிக்கொள்ளலாம். ஆனால் அளவுகள் வந்த பிறகு, அவற்றுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு புதுக் கேள்வியை உண்டாக்கி, தொடக்கத்திலிருந்தே கேட்டதுபோல் எழுதக் கூடாது. முன்பே இருந்ததைத் தெளிவாக்குவது வேறு, பதிலைப் பார்த்துவிட்டுக் கேள்வி தயாரிப்பது வேறு. நெறியாளரிடம் சினாப்சிஸைக் காட்டி, ‘இந்தக் கேள்வி இதில் இருக்கிறதா’ என்று கேட்டுவிடுவது நல்லது.

எண் இல்லாமல் பதில் சொல்லிப் பாருங்கள்

ஒவ்வொரு கேள்விக்கும் கீழே, ஓர் எண்ணும் இல்லாமல், ஒரே வாக்கியத்தில் பதில் எழுதுங்கள். ‘ஆம்’, ‘இல்லை’, ‘இந்த அளவுக்கு ஆம்’, ‘இந்த ஆய்வால் சொல்ல முடியாது’ — நான்கில் ஒன்று கண்டிப்பாக வர வேண்டும். இந்த இடத்தில் அரைமணி நேரம் போனாலும் பரவாயில்லை. மாணவருக்கே பதில் தெரியாமல் இருந்திருக்கிறது என்பது பல நேரம் இங்கேதான் வெளிப்படும்.

முதல் கேள்விக்கு வருவோம். ‘தகுந்தது, தகாதது’ என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். ஐ.எஸ். 10500 மொத்தக் கடினத்தன்மைக்கு இரண்டு வரம்புகள் தருகிறது. ஏற்கத்தக்க வரம்பு லிட்டருக்கு 200 மி.கி.; அனுமதிக்கத்தக்க வரம்பு 600 மி.கி. இரண்டாவது வரம்பு யாருக்கு என்பதைப் பலர் படிப்பதில்லை. வேறு நீராதாரம் இல்லாத இடத்துக்கு மட்டுமே அது. தெருவில் காவிரிக் குடிநீர்க் குழாய் இருந்தால், பக்கத்துக் கிணற்றுக்கு 600 என்ற சலுகை கிடையாது. 200-ஐத்தான் பார்க்க வேண்டும். ஆகவே மாணவர் ‘அனுமதிக்கத்தக்க வரம்புக்குள்’ என்று எழுதியபோது, தனக்கே தெரியாமல் ‘இந்த வீடுகளுக்கு வேறு தண்ணீர் இல்லை’ என்று ஏற்றுக்கொண்டுவிட்டார். அதைக் களத்தில் விசாரித்திருக்கிறாரா? இல்லையென்றால் இரண்டு நிலைக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்தது சராசரி. 570 என்பது 600-க்குக் கீழே இருக்கிறது, சரி. ஆனால் ஆறு கிணறுகளில் இரண்டு 640, 690. யாரும் ஆறு கிணற்றுத் தண்ணீரையும் கலந்து குடிப்பதில்லை. அவரவர் வீட்டுக் கிணற்றில்தான் இறைத்துக் குடிக்கிறார்கள். ‘தகுந்ததா’ என்ற கேள்வி ஒவ்வொரு கிணற்றையும் பற்றியது. எனவே பதிலையும் கிணறு கிணறாக எண்ணித்தான் சொல்ல வேண்டும். இரு கூட்டங்களை ஒப்பிடுகிற இரண்டாம் கேள்விக்குச் சராசரி பொருந்தும், இங்கே பொருந்தாது. இரண்டு கேள்விக்கும் ஒரே எண்ணைப் போட்டு வேலையை முடிப்பது இந்த வகை அறிக்கைகளில் அடிக்கடி நடக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஒரு சோதனையில் தோற்றாலே ‘குடிக்கத் தகாது’ என்று சொல்லிவிடலாம். ஆனால் கடினத்தன்மை வரம்புக்குள் இருப்பதை மட்டும் வைத்து ‘குடிக்கத் தகுந்தது’ என்று சொல்ல முடியாது. நைட்ரேட், ஃபுளோரைடு, கோலிஃபார்ம் கிருமிகள் எதையும் இந்த ஆய்வு பார்க்கவில்லை. திறந்த கிணறு வேறு; மேலே மூடியே இருக்காது. ‘தகாது’ என்று சொல்லும் உரிமை இந்த ஆய்வுக்கு இருக்கிறது, ‘தகும்’ என்று சொல்லும் உரிமை இல்லை. நோக்கத்தில் ‘குடிக்கத் தகுந்ததா’ என்று அகலமாகக் கேட்டுவிட்டதால், முடிவுரை இதை ஒளிக்காமல் சொல்லியே ஆக வேண்டும்.

எனவே எண் இல்லாத பதில்: “கடினத்தன்மையைப் பொறுத்தவரை, வேறு நீர் கிடைக்கும் இடத்தில் எந்தக் கிணறும் தகாது, வேறு நீர் இல்லாத இடத்திலும் சில கிணறுகள் மே மாதத்தில் தகாது, மற்றவை தகுமா என்று இந்த ஆய்வால் சொல்ல முடியாது.”

இரண்டாம் கேள்வியில் இருக்கும் பொறி

அருகிலுள்ள கிணறுகளின் கடினத்தன்மை தூரத்துக் கிணறுகளைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. இரண்டு மாதங்களிலும் அப்படியே. ‘அருகில் இருந்தால் கூடுதலா?’ என்றால் ஆம். ஆனால் மாணவர் அதிலிருந்து ‘சுரங்கத்தால்’ என்று தாவிவிட்டார்.

வெள்ளைக்கல் வெறும் மண்ணில் கிடைப்பதில்லை. டியூனைட் போன்ற, மக்னீசியம் மிகுந்த பாறை சிதைந்து மாறும்போது அதன் விரிசல்களில் நரம்பு நரம்பாகப் படிவதுதான் மேக்னசைட். அந்தப் பாறை இருக்கும் இடத்தில்தான் சுரங்கம் தோண்டுவார்கள். ஆகவே ‘சுரங்கத்துக்கு அருகில்’ என்றால் ‘அந்தப் பாறைக்கு அருகில்’ என்றும் அர்த்தம். ஒரு மண்வெட்டிகூடப் படாமல் இருந்திருந்தாலும் அந்தக் கிணறுகளில் மக்னீசியம் கூடுதலாக இருந்திருக்கலாம். தூரத்துக் கிணறுகள் சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறைப் பக்கமோ சமவெளியின் நைஸ் பாறையிலோ இருக்கும். நிலமே வேறு.

அளவுகள் இந்தக் குழப்பத்தைத் தீர்க்குமா? அருகிலுள்ள கிணறுகளின் கடினத்தன்மையில் பத்தில் ஏழு பங்கு மக்னீசியத்தால் வந்தது, தூரத்தில் பாதிதான் என்று வைத்துக்கொள்வோம். அது மக்னீசியப் பாறையைச் சுட்டுகிறது. ஆனால் பாறை தானாகக் கரைந்ததா, தோண்டிக் குவித்த கழிவுக் குவியலில் மழைநீர் இறங்கிக் கரைந்ததா என்பதை அந்த விகிதம் பிரித்துக் காட்டாது. இரண்டிலும் வருவது ஒரே மக்னீசியம்தான். பிரிக்க வேண்டுமானால், அதே பாறையில் சுரங்கம் இல்லாத இடத்துக் கிணறுகள் வேண்டும். அல்லது சுரங்கம் வருவதற்கு முந்தைய அளவுகள் வேண்டும். இரண்டும் இந்த ஆய்வில் இல்லை.

பதில்: “அருகிலுள்ள கிணறுகளில் கடினத்தன்மை கூடுதல்தான். அதற்குக் காரணம் சுரங்கமா பாறையா என்று சொல்ல முடியாது.” இப்படி எழுதினால் ஆய்வு பலவீனமாகத் தெரியும் என்று பலர் அஞ்சுகிறார்கள். தேர்வாளர் புவியியல் தெரிந்தவராக இருந்தால், ‘சுரங்கத்தால் மாசு’ என்ற வரிதான் அறிக்கையை வீழ்த்தும்.

இப்போது எண்களைத் திரும்பக் கொண்டு வாருங்கள்

பதில் வாக்கியங்களை மேலே வைத்து, ஒவ்வொன்றையும் தாங்குவதற்கு எந்த எண் இல்லாமல் முடியாதோ அதை மட்டும் சேருங்கள். ஒரு பதிலுக்கு இரண்டு எண் போதும், மூன்று வந்தால் அதிகம். பி.எச். 7.4 முதல் 8.2 வரை என்பது எந்தப் பதிலையும் தாங்கவில்லை, வெட்டிவிடுங்கள். அது நான்காம் அத்தியாய அட்டவணையில் பத்திரமாக இருக்கிறது. டிசம்பரில் அளவு குறைந்தது என்பதைத் தனி வரியாக வைக்கத் தேவையில்லை; ‘எந்த மாதத்தில் தகாது’ என்ற பதிலுக்குள் அது சேர்ந்துவிடும்.

மாதப் பெயரிலும் கவனம் வேண்டும். அளந்தது மே மாதத்தில் ஒரே ஒரு முறை. ‘கோடையில்’ என்று எழுதினால் மார்ச் முதல் ஜூன் வரைக்கும் பேசுகிறீர்கள். ‘மழைக்குப் பின் குறைகிறது’ என்று எழுதினால் ஆண்டுதோறும் நடப்பதாகச் சொல்கிறீர்கள். ‘மே’, ‘டிசம்பர்’ என்றே வையுங்கள்.

நம் வாக்கிய அமைப்பில் வினை கடைசியில் வருகிறது. எண்களை எல்லாம் அடுக்கி முடித்த பிறகுதான் ‘தகாது’ என்ற சொல் வரும். படிப்பவர் அதற்குள் களைத்துவிடுவார். அதனால் தீர்ப்பைச் சிறிய வாக்கியமாக முதலில் முடித்துவிட்டு, எண்ணை அடுத்த வாக்கியத்தில் வையுங்கள். ‘கண்டறியப்பட்டது’, ‘காணப்பட்டது’, ‘அறியப்படுகிறது’ என்ற மூன்றையும் பென்சிலால் வட்டமிட்டுப் பாருங்கள். வட்டம் விழுந்த வாக்கியம் அநேகமாக முடிவுகள் அத்தியாயத்திலிருந்து வந்ததாக இருக்கும்.

திருத்திய வடிவம்

“கடினத்தன்மையைப் பொறுத்தவரை, மாற்று நீர் கிடைக்கும் இடங்களில் ஆய்வுக்கு எடுத்த 12 கிணறுகளில் எதன் நீரும் குடிக்கத் தகுந்ததில்லை. இரு மாதங்களிலும் எல்லாக் கிணறுகளும் லிட்டருக்கு 200 மி.கி. என்ற ஏற்கத்தக்க வரம்பைத் தாண்டின. மாற்று நீர் இல்லாத இடங்களுக்கு உரிய 600 மி.கி. வரம்பைச் சுரங்கத்துக்கு அருகிலுள்ள 5, 6-ஆம் கிணறுகள் மே மாதத்தில் தாண்டின. டிசம்பரில் எந்தக் கிணறும் தாண்டவில்லை. மற்றப் பத்துக் கிணறுகள் இந்த வரம்புக்குள் இருந்தாலும், நைட்ரேட், ஃபுளோரைடு, கிருமிகள் சோதிக்கப்படாததால், அவற்றின் நீர் குடிக்கத் தகுந்தது என்று இந்த ஆய்வு கூறவில்லை.

சுரங்கத்திலிருந்து 2 கி.மீ.க்குள் உள்ள கிணறுகளின் நீர், 5 கி.மீ.க்கு அப்பால் உள்ளவற்றைவிடக் கடினமானது. சராசரி அளவு இரு மாதங்களிலும் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. இதற்குச் சுரங்க வேலை காரணமா, மக்னீசியம் மிகுந்த பாறை காரணமா என்பதை இந்த ஆய்வால் பிரித்துக் கூற இயலாது. அருகிலுள்ள கிணறுகள் அனைத்தும் அதே பாறைப் பகுதியில் உள்ளன. சுரங்கம் இல்லாத இடத்தில் அதே பாறையில் உள்ள கிணறுகளையும் அளந்தால் இக்கேள்விக்கு விடை காணலாம்.

5, 6-ஆம் கிணறுகளை நம்பியுள்ள வீடுகளுக்கு மே மாதத்தில் குடிக்க வேறு நீர் தேவை. மே மாதத்துக்கு முன்னும் பின்னும் மாதந்தோறும் அளந்து, எத்தனை மாதங்களுக்கு வரம்பு தாண்டுகிறது என்று அறிய வேண்டும்.”

பரிந்துரை எப்படி மாறியிருக்கிறது என்று கவனியுங்கள். ‘விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்’ என்ற வரியை எந்த ஊர் ஆய்விலும் ஒட்டலாம். இந்த 12 கிணற்றிலிருந்து அது வரவில்லை. ஒரு பரிந்துரைக்குப் பக்கத்தில் அட்டவணை எண்ணைக் குறிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் நீக்கிவிடுங்கள்.

சரிபார்க்கும் வழி

நோக்கத்தையும் புதிய முடிவுரையையும் மட்டும் ஒரே தாளில் அச்செடுத்து, ஆய்வைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். விடுதி அறைத் தோழர் போதும். ‘5-ஆம் கிணற்றுத் தண்ணியை மே மாசம் குடிக்கலாமா? 9-ஆம் கிணற்றுத் தண்ணியை? சுரங்கத்தை மூடினா தண்ணி நல்லாகுமா?’ என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். முதலாவதற்குக் ‘கூடாது’ என்று வர வேண்டும். இரண்டாவதற்கு ‘காவிரித் தண்ணி வந்தா வேண்டாம், இல்லைன்னா இவங்க இன்னும் முழுசா சோதிக்கலை’ என்கிற மாதிரி வர வேண்டும். மூன்றாவதற்குத் ‘தெரியாது’ என்று வர வேண்டும். மூன்றாவதற்கு அவர் ‘ஆகும்’ என்றால், காரணம் பற்றிய வாக்கியத்தில் இன்னும் ஏதோ ஒரு சொல் சுரங்கத்தைக் குற்றம் சாட்டிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அது ‘பாதிப்பு’ அல்லது ‘தாக்கம்’ என்ற சொல்லாக இருக்கும்.

அந்தச் சொல் முடிவுரையில் மட்டும் இருக்காது. தலைப்பில் ‘சுரங்கத்தின் தாக்கம்’ என்று இருந்தால் அதையும் ‘சுரங்கப் பகுதிக் கிணற்று நீரின் கடினத்தன்மை’ என்று மாற்ற நெறியாளரிடம் கேளுங்கள். ஆய்வுச் சுருக்கத்தின் கடைசி வாக்கியத்தில் பழைய ‘வரம்புக்குள் உள்ளன’ அப்படியே கிடக்கும். முடிவுரையின் முதல் வாக்கியத்தை அங்கே கொண்டுபோய் வையுங்கள்.